மசால் தோசைக்குக் குரல் வேண்டாம்

நீங்கள் பார்த்துச் சொல்லச் சொல்லி அனுப்பிய திரைக்கதைகளை எல்லாம் படித்தேன். எல்லாவற்றிலும் ஜன்னலில் மழை பெய்கிறது. மனசு சரியில்லை என்றால் மழை, பழசு ஞாபகம் வந்தால் மழை, மாமனார் செத்தாலும் மழை. மும்பையில் வருஷத்துக்கு நாலு மாசம் பெய்வது போதாதென்று நீங்கள் வேறு பெய்ய வைக்கிறீர்கள். உங்களைக் கோபித்துப் பயனில்லை. நாவலில் ஒருத்தி இரண்டு பக்கம் ஆடாமல் அசையாமல் யோசித்துக்கொண்டிருந்தால், அதைப் படமாக எழுது என்று சொன்னால், யாருக்கும் முதலில் கைக்கு அகப்படுவது மழைதான். எனக்கும் அதுதான் அகப்படும். அகப்பட்டதை எழுதிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் பின்னணிக் குரலுக்கான வசனம் எழுதியே ஓய்வு பெற்றேன். இப்போது வீட்டில் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பாடம் நடத்துகிற பொறுமை எனக்கு இல்லை. கடைசியாக நான் செய்த வேலைகளில் ஒன்றைச் சொல்கிறேன். அதில் ஒரே ஒரு மசால் தோசையை வைத்துப் பெரிய ரகளை நடந்தது.

தாராவியில் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, செம்பூர் திலக் நகரில் குடியிருக்கும் தங்கராஜ் என்பவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். அவருடைய குடும்பக் கதைதான், பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். அதில் ஓர் அத்தியாயத்தை எடுத்து, பின்னணிக் குரலோடு பன்னிரண்டு நிமிடக் குறும்படமாக்க வேண்டும் என்று வினோத் என்ற இளம் இயக்குநர் என்னிடம் வந்தான். செம்பூர்ப் பையன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அந்த அத்தியாயத்தை அவனுடைய அம்மா வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். அதனால் படமெடுக்க வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. படமெடுக்க இதைவிட மோசமான காரணங்களையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அத்தியாயத்தில் நடப்பது இவ்வளவுதான். எஸ்தர் என்ற பெண் தாராவியில் முறுக்குச் சுடும் பட்டறையில் வேலை செய்கிறாள். கைக்குழந்தைக்கு ஓயாமல் சீக்கு. மூத்தவள் ஆறு வயதுப் பெண், அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் காலத்தில் அங்கே வழக்கமாகச் செய்வதையே எஸ்தரும் செய்கிறாள். ஊருக்குப் போகிற ஒரு பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு மூத்தவளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். தாதர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிறது. எஸ்தர் மாட்டுங்கா வழியாக நடந்தே தாராவிக்குத் திரும்புகிறாள். அத்தியாயத்தின் முக்கால்வாசி அந்த நடை. நடையின் முக்கால்வாசி அவள் மனசுக்குள் ஓடுவது.

இப்படிப்பட்ட அத்தியாயம் கைக்கு வந்தால் நான் முதலில் மூன்று கலர் பென்சில் எடுத்துக்கொள்வேன். கண்ணால் பார்க்கக்கூடிய வரிக்குப் பச்சை. யாராவது சொன்னால்தான் தெரியும் என்கிற வரிக்கு நீலம். எழுத்தாளர் விளக்கிக்கொண்டிருக்கும் வரிக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. நாவலின் மிக அழகான வரிகள் பல சமயம் சிவப்பில்தான் இருக்கும். நாவலில் அது சாப்பாடு, நம் படத்தில் அதற்கு இலை கிடையாது, அவ்வளவே.

உதாரணத்துக்கு, அந்த அறை எவ்வளவு சின்னது என்று எஸ்தர் நினைக்கும் பத்தி. ‘நான்கு பேர் படுத்தால் ஒருவருடைய கனவில் இன்னொருவர் கால் நீட்ட வேண்டியிருந்தது’ என்று தங்கராஜ் எழுதியிருந்தார். நல்ல வரி. வினோத் அதை அப்படியே குரலில் வைக்கச் சொன்னான். நான் வைக்கவில்லை. படம் தொடங்கும்போதே, விடிகாலையில் எஸ்தர் எழுந்து பாயைச் சுருட்டுகிறாள். அவள் சுருட்டினால்தான் கதவைத் திறக்க முடிகிறது. பாயின் மறுபாதியில் மகள் இன்னும் தூங்குகிறாள். அவளை உருட்டிவிட்டுச் சுருட்டுகிறாள். முடிந்தது. இதைப் பார்த்தவனிடம் அறை சின்னது என்று குரல் வேறு வந்து சொன்னால், அவனை மடையன் என்று சொல்வதாகும்.

கணவனோடு நடந்த வாக்குவாதம் எஸ்தருக்கு ஞாபகம் வரும் பத்தி இரண்டு பக்கம். அதைத் தூக்கிவிட்டேன். நடக்கிறவளை நிறுத்திப் பழையதைக் காட்டினால், திரும்பி வரும்போது நடையின் சூடு போய்விடும். அதில் ஒரே ஒரு சேதிதான் படத்துக்கு வேண்டும், பிள்ளையை அனுப்ப முடிவெடுத்தவள் எஸ்தர்தான், புருஷன் இல்லை. அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு தயங்கி நிற்கிறான், அவள் அதை வாங்கி ரயிலுக்குள் வைக்கிறாள். ஸ்டேஷனில் முழு ரயிலைக் காட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. அதனால் பெட்டியின் வாசலும் கம்பியும் மட்டும். ரயில் போவது அவள் முகத்தில் விழும் வெளிச்சத்திலும் சத்தத்திலும். வசதி இல்லாததால் வந்த யோசனைதான், ஆனால் வசதி இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று வினோத்திடம் சொல்லிவைத்தேன்.

அடுத்தது, குரல் யாருடையது. இதை முடிவு செய்யாமல் ஒரு வரி எழுதாதீர்கள். நாவல் ‘அவள்’ என்றுதான் போகிறது. எழுத்தாளர் எஸ்தரின் மனசுக்குள் புகுந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். அதே சலுகையைக் குரலுக்குக் கொடுத்தால் குரல் வாயை மூடாது. அவள் நினைத்தாள், அவள் உணர்ந்தாள், அவளுக்குத் தோன்றியது. படம் பாட்டுக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். தமிழில் சொற்கள் நீளம் வேறு, நிமிடத்துக்கு எண்பது சொல்லைத் தாண்டினால் ரயில் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். நான் குரலை அந்த ஆறு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் வளர்ந்து, இப்போது சொல்கிறாள். அந்த நடையில் அவள் இல்லை. அவள் பார்த்தது ரயில் கிளம்பும் வரைக்கும்தான். அதற்கப்புறம் மற்றவர்கள் அவளுக்குச் சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு வேலி போட்டதும் பாதி வேலை தானே நடந்துவிட்டது. அவளுக்குத் தெரியக்கூடியது குரல். தெரிய முடியாதது படம். படமாகவும் ஆக முடியாதது வெளியே.

அந்தப் பெண் நிஜத்திலும் இருக்கிறார். தங்கராஜின் அக்கா ஜெயராணி. பதினொரு வயதில் ஊரிலிருந்து திரும்பி வந்தார். இப்போது ஐம்பதைத் தாண்டியவர், தாராவியில் தையல் கடை வைத்திருக்கிறார். அவரையே பேச வைக்கலாம் என்று வினோத் சொன்னபோது, முதல் முறையாக அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. கடைக்குப் போய், நாவலிலிருந்து சில வரிகளை வாசிக்கச் சொன்னேன். தமிழ் ஜோராகப் படித்தார். ‘விழிகள் பனித்தன’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

“அக்கா, இத நான் சொன்னா எங்க தெருவுல சிரிப்பாவ. நான் எப்பம் இப்பிடிப் பேசுனேன்? கண்ணு கலங்குச்சின்னு சொல்லலாம். ஆனா எங்கம்மைக்குக் கலங்காது.”

“நீங்க எப்படிப் பேசுவேளோ அப்படியே எழுதித் தரேன்.”

“அப்பம் சரி. ஆனா ஒண்ணு. தம்பி புஸ்தகத்துல ரயில் கெளம்புத வரைக்கும் படிச்சிருக்கேன். அதுக்கு அங்கிட்டு ஒரு பக்கம் திருப்பல. எனக்கு முடியாது. நீங்க எழுதித் தாரத மட்டும் படிச்சிருதேன்.”

ஏன் முடியாது என்று அப்போது நான் கேட்கவில்லை. ஊருக்குப் போன கதையை மட்டும் அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொண்டேன். அதில் அவர் மூன்று தடவை சொன்ன ஒரு வரி இருந்தது. ‘நான் போன பொறவு அம்மை மூணு நாளு பச்சத் தண்ணி குடிக்கலன்னு பெரியம்மை சொல்லுவா.’ குரலுக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது. பார்க்காத ஒன்றை, கேள்விப்பட்டதாகவே சொல்கிறது. எடுத்து வலது பக்கத்தில் எழுதினேன். நம் திரைக்கதையில் இடது பக்கம் படம், வலது பக்கம் குரல். இடது பக்கத்தில் அந்த வரிக்கு நேராக எஸ்தர் மாட்டுங்கா வீதியில் நடந்துகொண்டிருந்தாள்.

இனி வந்தது மோசமான இடம். நாவலில் மாட்டுங்கா வந்ததும் ஒன்றரைப் பக்கம் ஒரே ஓலம். ‘அவள் உள்ளம் அலறியது’, ‘கருப்பை கதறியது’, ‘காலடி மண் அவளைச் சபித்தது’ என்று நீளமாகப் போகிறது. பென்சில் வைத்துக்கொண்டு வந்தால் முழுக்கச் சிவப்பு. வினோத் அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே படம் யோசித்து வைத்திருந்தான். கடை வாசலில் ஒரு பொம்மை தொங்குகிறது, அவள் பார்க்கிறாள். காலியான கையைப் பார்க்கிறாள். வானத்தில் இடி. அடுத்து என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நான் பச்சைப் பென்சிலை வைத்துக்கொண்டு அந்த ஒன்றரைப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். இத்தனை கதறலுக்கு நடுவில் அவள் என்னதான் செய்கிறாள்? நடுப் பத்தியில், இரண்டு நீள வாக்கியங்களுக்கு இடையே, ஒரு சின்ன வாக்கியம் ஒடுங்கிக் கிடந்தது. ‘வழியில் ஓர் ஓட்டலில் ஏறி ஒரு மசால் தோசை தின்றாள்.’ மேலே அலறல், கீழே கதறல், இடையில் மசால் தோசை. அத்தியாயத்தோடு அது ஒட்டவே இல்லை. மற்றதெல்லாம் எழுத்தாளர் யோசித்து எழுதியது, இந்த ஒன்று மட்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது. அந்த மாதிரி வரியைப் பார்த்தால் விட்டுவிடாதீர்கள். சுற்றியுள்ள பத்தி எல்லாம் அதை மறைக்கத்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஓலத்தை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் காட்சியாக எழுதினேன். எஸ்தர் ஓட்டலுக்குள் வருகிறாள். கை கழுவுகிறாள். தனியாக ஒரு மேஜையில் உட்காருகிறாள். தோசை வருகிறது, முழுசாகச் சாப்பிடுகிறாள். அவசரமும் இல்லை, அழுகையும் இல்லை. பாதியில் சட்னி தீர்ந்துபோகிறது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குகிறாள். இசை கிடையாது. வலது பக்கத்தில் ‘குரல் இல்லை’ என்று எழுதினேன். நாவலில் கொஞ்சம் தள்ளி, அவளுக்கு ஒரு கணம் உடம்பு லேசானது போலவும் அதற்காக அவள் தன்னையே வெறுத்தது போலவும் ஒரு பத்தி இருந்தது. அந்த லேசானதை நான் சட்னி கேட்பதில் வைத்தேன். துக்கத்தில் இருப்பவள் தோசை தின்னலாம், பசி. சட்னி கேட்கிறவளுக்கு அந்த நேரம் தோசை பிடித்திருக்கிறது. வெறுப்பை எங்கேயும் வைக்கவில்லை.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் காலையில் தங்கராஜ் போன் செய்தார். வரச் சொன்னார். வினோத்தும் நானும் திலக் நகருக்குப் போனோம். மேஜைமேல் திரைக்கதை விரித்தபடி கிடந்தது. மனுஷர் உட்காரச் சொல்லக்கூட இல்லை.

“மேடம், இந்தத் தோசை வேண்டாம்.”

“உங்க புஸ்தகத்துல இருக்கிறதுதான்.”

“புஸ்தகத்துல இருக்கலாம். அங்க சுத்தி எவ்வளவு எழுதிருக்கேன். நீங்க சுத்தி இருந்தத எல்லாம் பிடுங்கிட்டு அத மட்டும் நடு ரோட்டுல நிப்பாட்டிட்டீங்க. எங்க தெருவுல நாவல் படிச்சவன் நாலு பேரு. படம்னா எல்லாப் பயலும் மொபைல்ல பாப்பான். புள்ளைய ரயிலேத்தி விட்டுட்டு ஓட்டல்ல போயி தோசை தின்னான்னு எங்கம்மையச் சொல்லுவான்.”

“அவங்க தின்னாங்களா இல்லையா?”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். “ஆஸ்பத்திரியில கடைசில கெடக்கும்போது சொன்னா. வேற யாருக்கும் தெரியாது. தின்னு முடிச்சப்பம் நல்லாருந்துச்சு தங்கராசு, அதத்தான் என்னால மறக்க முடியலன்னா. எழுதாம இருக்க முடியல மேடம். எழுதிட்டு அப்பிடியே விடவும் முடியல.”

“அக்காவுக்கு?”

“அக்காவுக்குத் தெரியாது. அம்மை மூணு நாளு பட்டினி கெடந்தான்னுதான் அவ இத்தன வருசம் நெனச்சிட்டிருக்கா. அதுதான் மேடம் அவளுக்கு இருக்க ஒரே ஆறுதல். அத நான் எப்பிடிப் பிடுங்க?”

வினோத் பதறிப்போனான். மாட்டுங்காவில் அந்த ஓட்டல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டிபனுக்கும் நடுவே கடையைத் தருவதாகச் சொன்னது மறுநாள் ஒரு நாள்தான். நடிகைக்கும் அதற்குமேல் தேதி இல்லை. தங்கராஜ் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் படமே இல்லை. இந்த நிலையில் எல்லாரும் சொல்கிற இரண்டு யோசனைகள் வந்தன.

முதல் யோசனை தங்கராஜுடையது. தோசை இருக்கட்டும், அதன்மேல் ஓலப் பத்தியைக் குரலாகப் போடுங்கள் என்றார். கண் முன்னே ஒருத்தி நிம்மதியாகச் சாப்பிடுகிறாள், காதில் ஒருவர் வந்து இவள் உள்ளுக்குள் கதறுகிறாள் என்கிறார். நாவலில் இரண்டும் ஒன்றாக நிற்கும், ஏனென்றால் அங்கே இரண்டுமே சொல். படத்தில் ஜனங்கள் கண்ணைத்தான் நம்புவார்கள். குரல் அவளுக்கு வக்கீலாகிவிடும். வக்கீல் வந்து நின்றாலே குற்றம் ஏதோ நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை அவரிடம் சொன்னேன்.

இரண்டாவது வினோத்துடையது. “மேடம், ரெண்டு மாதிரியும் ஷூட் பண்ணிடலாம். ஒண்ணுல சாப்பிடறா. இன்னொண்ணுல தோசை அப்படியே இருக்கு, அவ பாத்துண்டே அழறா. எடிட்ல டிசைட் பண்ணிக்கலாம்.” கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள். இரண்டு மாதிரி எடுத்து வைத்தால், எடிட்டில் ஜெயிப்பது நல்லது அல்ல, யாருக்கும் பயமில்லாதது. அழுகை ஷாட் கையில் இருந்தால் அழுகைதான் படத்தில் வரும். அந்த அம்மாள் செய்யாததைச் செய்ததாகக் காட்டியிருப்போம்.

தங்கராஜிடம் சொன்னேன். “சாப்பிடறதை மட்டும்தான் எடுப்போம். எடிட் பண்ணி முதல்ல உங்களுக்குக் காட்டறேன். வேண்டாம்னு நீங்க சொன்னா ஓட்டலையே மொத்தமா எடுத்துடறோம். மாட்டுங்காவுலேருந்து நேரா தாராவி. படம் நொண்டும், பரவாயில்லை. ஆனா தோசையைத் தொடாம அழறவளை எடுக்க மாட்டேன். அது உங்கம்மா இல்லை. இன்னொண்ணு, படம் உங்களுக்குச் சரின்னா, அக்கா ஸ்டுடியோவுக்கு வரத்துக்கு முன்னாடி நீங்களே அவாகிட்ட சொல்லணும். நான் எழுதின பேப்பர்லேருந்து அவா தெரிஞ்சுக்கக் கூடாது.”

அவர் மேஜைமேல் இருந்த திரைக்கதையை மூடி வைத்துவிட்டு, “எடுங்க” என்றார்.

எடுத்தோம். நடிகை நல்ல பெண். எந்த மனநிலையில் சாப்பிட வேண்டும் என்று முந்தின நாளே என்னிடம் கேட்டிருந்தாள். பசியோடு சாப்பிடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதே என்று சொல்லியிருந்தேன், அவளும் அப்படியே வந்திருந்தாள். ஒரே ஷாட். காமிரா எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு ஆள் மாதிரி தள்ளியே இருந்தது. கிட்டே போனால் கண்ணீரைத் தேட ஆரம்பித்துவிடுவோம். சட்னி கேட்கிற இடத்தில் வினோத் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

வெட்டிச் சேர்த்து, என் குரலிலேயே தற்காலிகமாகப் பேசி வைத்துத் தங்கராஜுக்குக் காட்டினோம். மூன்று நாள் பட்டினி என்று குரல் சொல்லி முடிக்கிறது, எஸ்தர் ஓட்டல் படி ஏறுகிறாள், அதற்கப்புறம் பாத்திரச் சத்தமும் ஓட்டல் பேச்சும்தான். குரல் பொய் சொல்லவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறது. படமும் பொய் சொல்லவில்லை. தங்கராஜ் முழுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவிடம் பேசிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதிவு செம்பூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில். ஜெயராணி கஞ்சி போட்ட காட்டன் சேலையில், நான் கொடுத்தனுப்பிய, குரல் வரிகள் மட்டும் உள்ள தாளோடு வந்து உட்கார்ந்தார். தங்கராஜ் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. அவரை வெளியே கூப்பிட்டேன்.

“சொல்லிட்டேளா?”

“இல்ல மேடம். ரெண்டு வாட்டி கடைக்குப் போனேன். வாய் வரல.”

மனுஷரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உள்ளே அந்த அம்மாள் ஹெட்போனைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் சில நிமிடத்தில் தெரியாத ஒரு சவுண்ட் என்ஜினியர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருக்க, தன் அம்மா தோசை தின்பதை அவர் பார்த்தாக வேண்டும். திடீரென்று காட்டினால் குரலில் உண்மையான அதிர்ச்சி வரும், அதுவே கிடைக்கட்டும் என்று நினைக்கிற டைரக்டர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவை நிறுத்தச் சொன்னேன். வினோத்தையும் என்ஜினியரையும் டீ குடிக்க அனுப்பினேன். தங்கராஜும் கூடவே கிளம்பப் பார்த்தார். நீங்க உட்காருங்கோ என்றேன்.

“ஜெயராணி, பேசறதுக்கு முன்னாடி ஒரு இடத்தை மட்டும் சத்தமில்லாம பாத்துடுங்கோ. ரயில் போனதுக்கு அப்புறம் வரது. நான் எழுதினது இல்லை, உங்கம்மா தம்பிகிட்ட சொன்னது. பாக்க வேண்டாம்னா இப்பவே சொல்லுங்கோ, படத்துலேருந்து எடுத்துடறேன்.”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைத் தூக்கவில்லை.

“போடுங்க” என்றார்.

போட்டேன். எஸ்தர் படி ஏறினாள். கை கழுவினாள். தோசை வந்தது. ஜெயராணி முதலில் நாற்காலியில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். சட்னி கேட்கிற இடத்தில் முன்னால் வந்தார். எஸ்தர் தட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். நிறுத்தினேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

“நெசமாவாடா?”

“ஆமாக்கா. கடைசில அவளே சொன்னா.”

“முழுசுமா தின்னா?”

“முழுசும்தான். நல்லாருந்துச்சுன்னு சொன்னா. அதச் சொல்லித்தான் அழுதா.”

ஜெயராணி தாளை மடியில் வைத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசினார், எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாத மாதிரி.

“அங்க பெரியம்மை எலை போட்டு ஒக்கார வப்பா. ஒங்கம்ம ஒன்ன நெனச்சி மூணு நாளு சாப்பிடலட்டீம்பா. ஆசையாத்தான் சொல்லுவா. எனக்கு ஆறு வயசு. மூணு நாளுன்னா எம்புட்டுன்னு எனக்கு என்ன தெரியும்? இன்னும் தின்னலன்னுதான் நெனச்சேன். அங்க அவ பட்டினி கெடக்கா, நான் எப்பிடித் திங்க? பெரியம்மை அந்தால திரும்புனதும் சோத்த அள்ளிக் கோழிக்குப் போட்டுருவேன். கண்டுபிடிச்சி அடிப்பா. அடிச்சாலும் திங்க மாட்டேன். எனக்குப் பசிக்கும், ஆனா தின்னா அம்மை செத்துருவான்னு பயம்.” தம்பி பக்கம் திரும்பினார். “எவளாவது ஒருத்தி சொல்லிருந்தா நானும் தின்னுருப்பம்லாடா.”

தங்கராஜ் வாய்விட்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. ஜெயராணி மட்டும் அழவில்லை.

மற்றவர்கள் திரும்பி வந்ததும் அவரே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மூன்று நாள் வரி வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும், பெரியம்மை சொன்னது சொன்னதுதானே என்றார். ‘சொல்லுவா’ என்ற சொல்லில் மட்டும் குரல் லேசாகச் சிரித்தது. என் எழுத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. ஓட்டல் காட்சி வந்ததும் திரைக்கதையில் இருந்தபடியே வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த வரிகளையும் பேசி முடித்தார். எல்லாமே முதல் தடவையிலேயே சரியாக வந்தது. என்ஜினியர் போதும் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

ஜெயராணி எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

“அக்கா, அந்த ஓட்டல இன்னொரு வாட்டி போடுங்க. பேசுததுக்கு இல்ல. பாக்கத்தான்.”